தேத்தண்ணி கொஞ்சம் பொறுக்கட்டும்

(கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி அவர்களே, ஒழுங்கை முழுக்கச் சேறாகக் கிடந்தும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்த கிராம அலுவலர் அவர்களே, மண்டபத் திறப்பைத் தந்துதவிய கோயில் பரிபாலன சபையினரே, ஒலிபெருக்கிக்குக் காசு வேண்டாம் என்று சொன்ன தம்பி, உங்களுக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும். போன முறை அதிபரை விட்டுவிட்டு ஒரு மாதம் கதை கேட்டேன்.

நான் இந்த வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராகச் சைக்கிள் ஓடிக் காலம் கழித்தவள். நாலாம், ஐந்தாம், ஆறாம் மாதங்களில் தாய்க்கு என்ன நடக்கிறது, பிள்ளைக்கு என்ன நடக்கிறது, புருஷன்மார் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன்.

நாலாம் மாதம் சத்தி அடங்கும், பசி திரும்பும். பதினாறு கிழமையில் கர்ப்பப்பையின் மேல்விளிம்பு அடிவயிற்று எலும்புக்கும் தொப்புளுக்கும் நடுவில் கைக்குத் தட்டுப்படும். உள்ளே பிள்ளை ஏறக்குறைய நூறு கிராம்தான். ஐந்தாம் மாதம், இருபது கிழமையில், அந்த விளிம்பு தொப்புளுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு நாங்கள் நாடா வைத்து அளப்போம். எத்தனை கிழமையோ, கிட்டத்தட்ட அத்தனை சென்ரிமீற்றர். தலைச்சன் பிள்ளைக்காரி துடிப்பை உணர்வதும் பெரும்பாலும் பதினெட்டு, இருபது கிழமையில்தான். முதலில் வாய்வு என்றுதான் நினைப்பாள். இருபத்துநாலு கிழமையாகியும் துடிப்புத் தெரியவில்லை என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்கக் கூடாது.

இந்த மாதங்களில் முகம் பளபளக்கும். 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று எங்கள் அம்மா எதற்கெடுத்தாலும் சொல்லுவா. கர்ப்பிணிக்கு மட்டும் அந்தப் பழமொழி பொய்த்துப்போகும். ஏன் என்று சொல்கிறேன்.

சொதிக்குத் தண்ணி கூட விட்டால் சட்டி நிறையும், ஆனால் சாரம் குறையும். இந்த மூன்று மாதத்தில் தாயின் இரத்தத்திலும் அதுதான் நடக்கிறது. நீர்ப்பகுதி வேகமாகக் கூடுகிறது, சிவப்பணுக்கள் பின்னால் மெதுவாக வருகின்றன. அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்பு. மற்ற மாதங்களில் 11 இருக்க வேண்டும் என்கிறோம், இந்தக் காலத்தில் 10.5 வரை விடுகிறோம். அதற்கும் கீழே போனால் அது இரத்தச்சோகை.

இரணைமடுப் பக்கம் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். இருபத்தொரு கிழமை, வயிறு சரியாக 21 சென்ரிமீற்றர், கன்னம் இரண்டும் மினுங்கின. "மருமகளுக்கு என்ன குறை மிஸ், முகத்தைப் பாருங்கோ!" என்றா மாமி. நான் முகத்தைப் பார்க்கவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உட்பக்கம் வெளிறிக் கிடந்தது. இரத்தம் சோதித்தால் 9.1.

"இரும்பு மாத்திரை போடுறியா பிள்ளை?"

"ஓம் மிஸ், ஒருநாளும் விடேல்ல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்குப் போய் மாத்திரைப் பையை எண்ணினேன். கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை! வெட்கமாகப் போய்விட்டது. அந்த நேரம் மாமி எனக்கு ஒரு பிளேன்ரீ கொண்டுவந்தா, மருமகளுக்கும் ஒரு கோப்பை. அவள் அதிலேயே மாத்திரையையும் போட்டு விழுங்கினாள். என் கண்ணுக்கு முன்னாலே! சாப்பாடு முடிந்த கையோடு, நல்ல சாயமாக, மூன்று நேரமும் அப்படித்தானாம்.

தேயிலைச் சாயம் குடலுக்குள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடம்பில் சேராமலே பெரும்பங்கு வெளியே போய்விடும். "மலம் கறுப்பாத்தானே போகுது, மருந்து வேலை செய்யுது" என்றா மாமி. மாத்திரை போட்டால் எல்லோருக்கும் கறுக்கும் அம்மா, அது சேராமல் போன இரும்பின் நிறம் என்றேன். மாத்திரையை இரவு படுக்கப்போகும் முன் தேசிக்காய்த் தண்ணியோடு எடுக்கச் சொன்னேன். கால்சியம் மாத்திரை பகலில், வேறாக. தேத்தண்ணி, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து. டொக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி, பூச்சி மருந்தும் கொடுத்தார். செருப்பில்லாமல் வயலுக்குள் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழுவும் இரத்தம் குடிக்கும். ஐந்து கிழமையில் 10.6. முகம் அப்போதும் அதே முகம்தான். அகத்தின் அழகு இமைக்குள்ளே இருந்தது.

ஆறாம் மாதம் பிள்ளை அறுநூறு கிராம் தாண்டும், சத்தம் கேட்கத் தொடங்கும். கடைசி மூன்று மாதத்தில்தான் அது தாயிடமிருந்து இரும்பை அள்ளும். அள்ள இருக்க வேண்டுமென்றால் இப்போதே சேர்க்க வேண்டும்.

அதனால் தலைவி அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிளினிக் நாளில் விறாந்தையில் சங்கம் கொடுக்கும் தேத்தண்ணியை நிறுத்தி, ஒரு வாளி தேசிக்காய்த் தண்ணி வையுங்கள். சீனிக் காசும் பாதியாகும். நாலு கூட்டத்தில் கேட்டுவிட்டேன்.

புருஷன்மார் விஷயத்துக்கு நேரமில்லை, தலைவி மணிக்கூட்டைக் காட்டுகிறா. பின்னால் கேத்தில் கொதிக்கும் மணமும் வருகிறது. மத்தியானச் சாப்பாட்டோடு மாத்திரை போட்ட பிள்ளைகள் அந்தக் கோப்பையைப் பக்கத்தில் இருக்கும் மாமியிடம் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.