குப்புசாமியைத் தேடும் வழி

அனைவருக்கும் வணக்கம். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்கள் பெயர்களெல்லாம் கப்பல் பட்டியல்களில் இருக்கின்றன. ஆனாலும் பேரப்பிள்ளைகள் தேடினால் கிடைப்பதில்லை. ஏன்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு அவர்கள் குடும்பப் பெயர் Coopoosamy, அதாவது நம் குப்புசாமி. அதை அப்படியே தட்டச்சு செய்தால் ஒன்றும் வராது. நம் 'கு' வல்லின எழுத்து. கேட்ட எழுத்தர் ஒருவர் C போட்டார், இன்னொருவர் K போட்டார், வேறொருவர் G போட்டார். கடைசியில் samy, sami, sawmy, swamy என்று எதுவும் வரலாம்.

ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறை உதவுமே என்பீர்கள். பாதிதான் உதவும். Kuppusami, Kuppuswamy இரண்டுக்கும் அது K125 என்று ஒரே குறியீடு தரும். ஆனால் முதல் எழுத்தை அது மாற்றுவதே இல்லை. அதனால் Coopoosamy C125 ஆகிவிடும், Goopoosamy G125 ஆகிவிடும். மூன்றும் மூன்று மூலையில் கிடக்கும். இதற்கு முதல் எழுத்தைக் காலியாக விட்டுத் தேட வேண்டும். தேடும் தளம் அனுமதித்தால், ஏதாவது ஓர் எழுத்துக்கு ? குறியும், எத்தனை எழுத்துக்கும் * குறியும் போட்டு, இப்படி இரண்டு முறை:

```
?up*s*m*
?oop*s*m*
```

சரி, எங்கே தேடுவது? பலர் சறுக்குவது இங்கேதான். பட்டியலில் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. ஆளின் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம், இவ்வளவுதான். பிள்ளைகள் காலத்தில் தகப்பனார் பெயரோ சாதிப் பட்டமோ குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஆகவே இந்தக் குப்புசாமி கப்பலேறியவரின் சொந்தப் பெயராக இருக்கலாம், அவருடைய அப்பா பெயராகவும் இருக்கலாம். ஆளின் பெயர், தகப்பனார் பெயர் என்ற இரண்டு நெடுவரிசையிலும் பாருங்கள்.

அப்புறம் குப்புசாமிகள் வரிசையாக வந்து நிற்பார்கள். வட ஆற்காட்டில் ஒருவர், செங்கல்பட்டில் ஒருவர். எவர் நம்மவர்? இங்கே பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கூலிக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். அது அவர் அனுமதிச் சீட்டிலும் திருமணப் பதிவிலும், பல சமயம் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் வரும். வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு காகிதம் இருந்தால், எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலையே வேண்டாம். எண்ணை வைத்து நேரே அந்த வரிக்குப் போய்விடலாம்.

காகிதம் இல்லாதவர்கள், மனைவி பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். ஒரே கப்பலில் சேர்ந்து போன குடும்பங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருக்கும். குப்புசாமிக்கு அடுத்த வரியில் நீங்கள் கேள்விப்பட்ட பாட்டி பெயரும், பொருந்துகிற வயதும் இருந்தால் நம்பலாம். பெயர் மட்டும் ஒத்துப்போனால் நம்ப வேண்டாம்.