புது ரவுட்டர் வாங்குறீங்களா? பெட்டியைத் திருப்பிப் பாருங்க

[திரையில்: ரவுட்டர் பெட்டியின் முன்பக்கம். "AC1200" நெருக்கமாக]

வணக்கம். இந்த AC1200-ஐப் பார்த்ததும் 1200 எம்பிபிஎஸ் கிடைக்கும்னு தோணும். கிடைக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 300, 5 கிகாஹெர்ட்ஸ்ல 867. ரெண்டையும் கூட்டி, கிட்டத்தட்ட 1200-னு போட்டிருக்காங்க. உங்க போன் ஒரு நேரத்துல இதுல ஒண்ணுலதான் சேரும். அதுவும் காகிதக் கணக்குதான், கையில வர்றது இன்னும் கம்மி.

வேளச்சேரியில ஒரு பெட்ரூம் ஃபிளாட்ல இருக்குற என் ஃபிரெண்ட் இதைத்தான் வாங்கினான். அவன் பிளான் 200 எம்பிபிஎஸ். ரவுட்டர் பக்கத்துலயே நின்னு ஸ்பீட் டெஸ்ட் போட்டாலும் 93, 94-ஐத் தாண்டலை. லைன்தான் மோசம்னு ரெண்டு தடவை கம்ப்ளெயின்ட் கொடுத்தான். அப்புறம் ஃபைபர் பாக்ஸ்ல இருந்து கேபிளை எடுத்து நேரா லேப்டாப்ல சொருகினோம். 200 வந்துடுச்சு!

[திரையில்: பெட்டியின் பின்பக்கம். "1 x 10/100 Mbps WAN Port" வரியின் மேல் விரல்]

காரணம் இந்தப் பொடி எழுத்துல இருக்கு. ரவுட்டருக்குள்ள இன்டர்நெட் நுழையுற வாசலான WAN போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். வைஃபை எவ்வளவு வேகமா இருந்தாலும் உள்ள வர்றதைத்தானே வெளிய கொடுக்க முடியும்?

அதனால பிளான் 100-க்கு மேல இருந்தா, "10/100/1000" இல்லேன்னா "Gigabit"-னு WAN போர்ட்டுக்கும், டிவி, கம்ப்யூட்டரைக் கேபிள்ல சேர்க்குற LAN போர்ட்டுக்கும் போட்டிருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்தான் கூட ஆகும். அந்தப் பணத்தை யோசிக்காம கொடுங்க. பிளான் 50-ஓ 100-ஓதான், ஏத்துற எண்ணமும் இல்லேன்னா, விலை கம்மியானதே போதும்.

ஆன்டெனா ஆறு, கேமிங் மோட், யுஎஸ்பி போர்ட்... ரெண்டு ரூம் ஃபிளாட்டுக்கு இதுக்கெல்லாம் நான் காசு கொடுக்க மாட்டேன். ரவுட்டரை வீட்டு நடுவுல, அலமாரிக்கு வெளியே, உயரமா வைக்கிறது அதைவிட உதவும். வைஃபையைப் பாதுகாக்குற புது முறையான WPA3 இருந்தா நல்லது. LAN போர்ட் எத்தனைன்னும் எண்ணிக்கோங்க. டிவிக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ஒண்ணுன்னா ரெண்டு போதும்.

ஒண்ணு முக்கியம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி, கம்பெனிக்காரங்க மாட்டிட்டுப் போன ஃபைபர் பாக்ஸ்லயே வைஃபை இருக்கான்னு பாருங்க. பெட்ரூம் வரைக்கும் அது எட்டுதுன்னா, ரவுட்டரே தேவையில்லை.

[திரையில்: கேபிள் முனை, வெளிச்சத்தில் பிடித்தபடி]

கிகாபிட் ரவுட்டர் வாங்கியும் அதே 94 வருதா? கேபிள் முனையில இருக்குற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் வழியா உள்ள பாருங்க. எட்டு கலர் கம்பியும் முனைவரைக்கும் போயிருக்கணும். சிலர் நாலை மட்டும் சேர்த்து கிரிம்ப் பண்ணிடுவாங்க. நாலு கம்பியில 100-க்கு மேல ஓடாது. எட்டும் சரியா இருக்குற கேட் 5இ கேபிளா மாத்திட்டு, மறுபடி டெஸ்ட் போடுங்க.