எண்ணினால் 4 புத்தகம் குறைகிறது. ஆனால் காணாமல் போனது 4 இல்லை!

[திரையில்: 440 – 436 = ?]

வணக்கம்! ஒரு சின்ன நூலகம். இன்றைக்கு அலமாரியில் 440 புத்தகம் இருந்தாக வேண்டும். எண்ணிப் பார்த்தால் 436 இருக்கிறது. எத்தனை காணோம்? 4 என்று சொல்பவர்கள் அதைக் கமெண்டில் போட்டுவிட்டு உட்காருங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கமெண்டை நீங்களே அழிப்பீர்கள்.

முதலில் அக்சஷன் ரிஜிஸ்டர், அதாவது சேர்க்கைப் பதிவேடு. போரடிக்கும், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உள்ளே வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி, ஒரு எண். தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, விலை, எந்த பில்லில் வந்தது, கடைசியில் நீக்கக் குறிப்புக்கு ஒரு கட்டம். ஒரே புத்தகத்தில் 2 பிரதி வாங்கினால் 2 எண், 3 தொகுதி என்றால் 3 எண். அந்த எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் எழுத வேண்டும், அப்புறம் எல்லாப் புத்தகத்திலும் ஒரே உள்பக்கத்திலும் (21ஆம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம்) எழுத வேண்டும். திருடுபவர்கள் தலைப்புப் பக்கத்தைக் கிழித்து, முதுகில் இருக்கும் லேபிளையும் உரித்துவிடுவார்கள், ஆனால் 21ஆம் பக்கத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அவ்வளவுதான்.

[திரையில்: 500 – 20 – 40 = 440]

இப்போது கணக்கு. பதிவேட்டில் கடைசி எண் 500. கிழிந்தது, செல்லரித்தது, காணாமல் போனது என்று முந்தைய ஆண்டுகளில் நீக்கியவை 20. மிச்சம் 480. இரவல் பதிவேட்டின்படி 40 புத்தகம் வாசகர்கள் கையில். ஆக, அலமாரியில் 440. எண்ணியது 436.

வருடாந்தரச் சரிபார்ப்பு என்ற பெயரில் நிறைய இடங்களில் இதோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள். "4 குறைவு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்கிறேன்.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியர் தலையை மட்டும் எண்ணினால் என்ன ஆகும்? 30 பேர் இருக்க வேண்டும், 30 தலை இருக்கிறது, சரி என்று உட்கார்ந்துவிடுவார். ஆனால் நம் வகுப்புப் பையன் ஒருவன் கட் அடித்திருக்கிறான், பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறான், இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்துவிட்டது. பெயரைக் கூப்பிட்டால்தான் இரண்டு பேரும் மாட்டுவார்கள். அலமாரியிலும் கடைசி பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நம்புங்கள்.

அதனால் எண்ணாதீர்கள், கூப்பிடுங்கள். ஒரு தாளில் 10க்கு 10 கட்டம் போட்டு 1 முதல் 100 வரை எழுதுங்கள், 500க்கு 5 தாள் போதும். நீக்கிய 20 எண்ணைச் சுற்றி வட்டம் போடுங்கள், இரவலில் இருக்கும் 40க்கு ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு ஒருவர் புத்தகத்தைத் திறந்து உள்ளே இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும் (முதுகு லேபிளைப் பார்த்துப் படிக்கக் கூடாது, அது எப்போது யாரால் மாற்றி ஒட்டப்பட்டது என்று யாருக்குத் தெரியும்), இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கட்டத்தை அடிக்க வேண்டும். இந்தத் திருப்பிச் சொல்வதை விட்டுவிட்டால் 149 சுலபமாக 194 ஆகிவிடும். அப்படி ஆனால் தாள் காட்டிக்கொடுக்கும்: 194இல் இரண்டு கோடு விழும், 149 காலியாக நிற்கும்.

வேலை நடக்கும்போது இரவல் போனது திரும்பி வந்தால் அதை அலமாரியில் வைக்காதீர்கள், ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், கடைசியில் அடித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே முடித்த தட்டில் போய் உட்கார்ந்துவிட்டால் அது உங்கள் கண்ணிலேயே படாது.

[திரையில்: அடித்த தாள், காலிக் கட்டங்கள் சிவப்பில்]

நம் நூலகத்தில் தாள் என்ன சொன்னது தெரியுமா? புள்ளியும் வட்டமும் இல்லாத காலிக் கட்டங்கள் 9. ஆமாம், 4 இல்லை, 9! மீதி 5 எங்கே ஒளிந்திருந்தது? அலமாரியில் இருந்த 436இல் 3 புத்தகங்கள் புள்ளி வைத்த எண்கள், அதாவது வாசகர் வீட்டில் இருக்க வேண்டியவை. ஒன்று வட்டம் போட்ட எண், நீக்கியாயிற்று என்று எழுதிய புத்தகம் ஜம்மென்று நிற்கிறது. ஒன்றில் எண்ணே இல்லை. இந்த 5 பேர்தான் கடைசி பெஞ்ச்.

இப்போது துப்பறியும் வேலை, எனக்குப் பிடித்த இடம். புள்ளி வைத்த 3ஐ எடுத்து இரவல் பதிவேட்டைப் பாருங்கள். ஒன்று திரும்பி வந்திருக்கிறது, வரவு வைக்க மறந்திருக்கிறார்கள், அது போகட்டும். மற்ற இரண்டும் சுவாரசியம். பதிவேட்டில் 321 என்று எழுதியிருக்கிறது, 321 அலமாரியில் இருக்கிறது, ஆனால் 312 காலிக் கட்டம். கொடுத்த அன்றைக்கு எண்ணை மாற்றி எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று ஒரே நாவலின் இரண்டு பிரதி, ஒன்றின் எண்ணில் மற்றதைக் கொடுத்திருக்கிறார்கள். வாசகரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர் கையில் இருக்கும் பிரதியின் 21ஆம் பக்கத்திலேயே விடை இருக்கும். 9இல் 2 போயிற்று.

எண் இல்லாத புத்தகத்தின் தலைப்பையும் ஆண்டையும் பதிப்பகத்தையும் காலிக் கட்டங்களின் வரிகளோடு ஒப்பிட்டால் ஒன்று பொருந்தியது, எண் போடாமலே உள்ளே போன புத்தகம். 3 போயிற்று. அப்புறம் ஒவ்வொரு தட்டிலும் முன்வரிசையை இழுத்துப் பார்த்தால் பின்னால் விழுந்து கிடந்தது ஒன்று. 4 போயிற்று. நிஜமாகவே காணாமல் போனவை 5.

வட்டம் போட்ட அந்த ஒன்று? போன முறை "காணோம்" என்று நீக்கியது, யாரோ சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பழைய வரியின் குறிப்புக் கட்டத்தில் "மீண்டும் கிடைத்தது" என்று தேதியோடு எழுதினால் போதும், புது எண் வேண்டாம் என்பது என் கட்சி. சில நூலகங்களில் புது எண்தான் கொடுப்பார்கள், அதுவும் தப்பில்லை. ஆனால் நீக்கிய எண்ணை வேறு புத்தகத்துக்குக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு அந்த எண்ணைப் புதுப் புத்தகத்துக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கு ஒரே எண்ணில் 2 புத்தகம் நின்றிருக்கும்.

பதிவேடு கணினியில் இருந்தால் A நெடுவரிசையில் எல்லா எண்களும், B நெடுவரிசையில் நீங்கள் படித்த எண்களும் இரண்டாம் வரியிலிருந்து இருக்கட்டும், C2இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIF(B:B, A2)
```

0 வந்தால் காலிக் கட்டம், அதில் நீக்கியதையும் இரவலில் இருப்பதையும் கழித்துவிட்டுப் பாருங்கள்; 1 வந்தால் இருக்கிறது, 2 வந்தால் தப்பாகப் படித்தீர்கள் அல்லது ஒரே எண்ணை 2 புத்தகத்துக்குப் போட்டிருக்கிறீர்கள்.

அந்த 5ஐ உடனே நீக்காதீர்கள். காணாமல் போனவை என்று தனிப்பட்டியல் போட்டு அடுத்த ஆண்டு வரை வைத்திருங்கள், அந்தச் சரிபார்ப்பிலும் கட்டம் காலி என்றால் பொறுப்பாளர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, நீக்கக் கட்டத்தில் தேதியும் உத்தரவு எண்ணும் எழுதுங்கள். வரியை வெள்ளை மை வைத்து அழிப்பவர்களிடம் எனக்குப் பேச்சு கிடையாது.

உங்கள் நூலகத்தில் கடைசி பெஞ்ச் எத்தனை என்று கமெண்டில் சொல்லுங்கள். எந்த உள்பக்கத்தில் எண் எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!