விமானத்தின் வானிலை ரேடார்: பச்சை என்றால் போகலாமா?

[திரையில்: தென் அட்லாண்டிக் வரைபடம். பிரேசிலிலிருந்து வடகிழக்காக நான்கு கோடுகள்.]

2009 ஜூன் 1, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் நான்கு விமானங்கள் அட்லாண்டிக்கின் மேல் ஏறக்குறைய ஒரே வழியில், ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்துகொண்டிருக்கின்றன. நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, அந்த வழியின் குறுக்கே இடிமேகங்கள் நிற்கின்றன.

முதலில் போன லுஃப்தான்சா விமானம் 10 கடல் மைல் மேற்கே ஒதுங்கியது. சுமார் 20 நிமிடம் கழித்து வந்த ஏர் பிரான்ஸ் 447 சற்றே இடப்பக்கம் திரும்பியது. அதற்குப் பின்னால் வந்த ஐபீரியா விமானம் 30 கடல் மைல் கிழக்கே விலகியது. கடைசியாக வந்த ஏர் பிரான்ஸ் 459, எழுபது எண்பது கடல் மைல் கிழக்கே சுற்றிப் போனது.

இதில் 447 கடலில் விழுந்தது. அதற்குக் காரணம் வேகமானிக் குழாய்களில் பனி அடைத்ததும், அதன் பிறகு விமானம் ஓட்டப்பட்ட விதமும்தான். ரேடார் அல்ல. அந்தக் கதைக்குள் இந்த வீடியோவில் போகப் போவதில்லை. நமக்கு வேண்டிய கேள்வி வேறு: மேகக்கூட்டம் ஒன்றுதான், விலகிய தூரம் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பிரான்சின் விபத்து விசாரணை அமைப்பு மற்ற விமானிகளிடமும் விசாரித்து அறிக்கையில் எழுதியிருக்கிறது. அதில் 459-இன் விமானி சொன்னதுதான் நமக்கு முக்கியம். அதைப் புரிந்துகொள்ள, முதலில் ரேடார் எதைப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும்.

[திரையில்: விமானத்தின் மூக்கு திறக்கிறது. உள்ளே வட்டத் தட்டு வடிவ ஆன்டெனா இடம் வலமாக அசைகிறது.]

விமானத்தின் மூக்குக்குள், முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில் ஒரு தட்டையான ஆன்டெனா இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலையைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும். துளிகளில் பட்டுத் திரும்பி வருவதை அளக்கும்.

துளியின் அளவு இங்கே ரொம்ப முக்கியம். விட்டம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் எதிரொலி 64 மடங்காகும். அதனால் மழைத்துளி பளிச்சென்று தெரியும். மேகத்தின் நுண்துளிகள் தெரியவே தெரியாது. அதே பருமனுள்ள பனிக்கட்டி, நீர்த்துளி தருவதில் ஐந்தில் ஒரு பங்குதான் திருப்பித் தரும். உலர்ந்த ஆலங்கட்டிகூட மங்கலாகத்தான் தெரியும். அது உருகத் தொடங்கி மேலே நீர்ப்படலம் போர்த்திக்கொண்டால் நிலைமை தலைகீழ், மிகப் பலமாகத் தெரியும்.

சரி, நிறங்களுக்கு வருவோம். எதிரொலியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்று மாற்றும் கெயின் குமிழ் CAL என்ற இடத்தில், அதாவது தொழிற்சாலையில் அளவுபடுத்திய நிலையில், இருக்கும்போது மட்டும்தான் நிறங்களுக்கு நிலையான பொருள் உண்டு.

[திரையில்: நான்கு நிறக் கட்டங்கள்.]

பச்சை என்றால் மணிக்கு 4 மில்லிமீட்டர் வரையிலான மழை. மஞ்சள் 4 முதல் 12 வரை. அதற்கு மேல் சிவப்பு. கருஞ்சிவப்பு, அதாவது மெஜந்தா, பெரும்பாலான கருவிகளில் மழையின் அளவைக் காட்டுவதில்லை. துளிகள் வெவ்வேறு வேகத்தில் இங்குமங்கும் அலைக்கழிக்கப்படுவதைக் காட்டுகிறது. அதாவது கொந்தளிப்பு. அதுவும் சுமார் 40 கடல் மைலுக்குள்தான், அதுவும் துளிகள் இருந்தால்தான். துளியே இல்லாத தெளிந்த வானின் கொந்தளிப்பு இதில் வராது.

கறுப்பு? ரேடாருக்குத் தெரியும் அளவுக்கு அங்கிருந்து எதுவும் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அங்கே மேகம் இல்லை என்று பொருள் இல்லை.

ஆக, நிறம் சொல்வது நீரின் அளவை, ஆபத்தின் அளவை அல்ல. பெருமழை கொட்டும் ஒரு தட்டையான மழைமேகம் சிவப்பாகத் தெரியலாம், உள்ளே போனால் பெரிய குலுக்கல் இருக்காது. ஆனால் 35,000 அடியில், எல்லாமே உறைந்திருக்க வேண்டிய உயரத்தில், பச்சை தெரிகிறதென்றால் அவ்வளவு நீரை அத்தனை உயரத்துக்குத் தூக்கிப் போன காற்று எப்படிப்பட்டது என்று யோசிக்க வேண்டும். "பச்சைதானே" என்று அதற்குள் நுழைவதைவிடத் தரைக்கு அருகே தெரியும் சிவப்பைத் தாண்டுவது பல நேரம் எளிது.

இப்போது டில்ட். ஆன்டெனா மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்ற கோணம். பூஜ்யம் என்றால் அடிவானத்துக்கு நேராக. விமானம் மூக்கைத் தூக்கினாலும் சாய்ந்தாலும் கருவி அதைச் சரிசெய்துகொள்ளும்.

[திரையில்: பக்கவாட்டுப் படம். விமானத்திலிருந்து விரிந்து செல்லும் கதிர், எதிரே உயர்ந்த இடிமேகம்.]

ரேடார் கதிர் டார்ச் வெளிச்சம் மாதிரி, போகப் போக விரியும். அதன் விரிவு சுமார் மூன்றரை டிகிரி. விமானிகள் மனதில் போடும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு டிகிரிக்கு, ஒரு கடல் மைல் தூரத்துக்கு, 100 அடி. பூமியின் வளைவை இதில் சேர்க்கவில்லை, ஆனால் இந்தத் தூரங்களுக்கு இது போதும்.

நாம் 35,000 அடியில் இருக்கிறோம், இடிமேகம் 80 கடல் மைல் முன்னால். வெப்பமண்டலத்தில் நீர் உறையும் மட்டம் ஏறக்குறைய 16,000 அடி. அதற்குக் கீழேதான் மேகத்தின் ஈரமான, நன்றாக எதிரொலிக்கும் பகுதி.

டில்ட் பூஜ்யத்தில் இருந்தால்? 80 கடல் மைலில் கதிர் மேலிருந்து கீழ்வரை 28,000 அடிக்கு விரிந்திருக்கும். பாதி மேலே, பாதி கீழே. அதாவது 21,000 அடியிலிருந்து 49,000 அடி வரை பார்க்கிறோம். ஈரமான பகுதி முழுக்கத் தப்பிவிட்டது. பனிக்கட்டி நிறைந்த தலைப்பகுதியும் அதற்கு மேலே வெறும் வானமும்தான் கதிருக்குள். திரையில் கொஞ்சம் பச்சை வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம்.

டில்ட்டை ஒன்றரை டிகிரி இறக்குவோம். கதிரின் நடு 12,000 அடி இறங்கி 23,000-க்கு வரும். இப்போது 9,000 முதல் 37,000 வரை தெரிகிறது. அதே மேகம் மஞ்சளும் சிவப்புமாக எழுந்து நிற்கும்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. டில்ட்டை அப்படியே விட்டுவிட்டு முன்னே போகிறோம் என்று வையுங்கள். மேகம் 40 கடல் மைலுக்கு வந்ததும் கதிரின் நடு 29,000 அடியில், மேலிருந்து கீழ்வரை விரிவு 14,000 அடி. அதாவது 22,000 முதல் 36,000 வரை. மறுபடியும் உறைநிலைக்கு மேலே! திரையில் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகிறது. மேகம் கலைகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மேகம் அப்படியே இருக்கிறது, நாம்தான் அதன் தலைக்குப் போய்விட்டோம். டில்ட் அடிவானத்துக்கு நாலு டிகிரி கீழே இருக்கும்படி இறக்கினால் 12,000 முதல் 26,000 வரை தெரியும், சிவப்பு திரும்ப வரும். நெருங்க நெருங்க மங்கும் எதிரொலியைக் கண்டால் விமானி முதலில் தொட வேண்டியது டில்ட்டைத்தான்.

ரொம்ப இறக்கினால் தரையே தெரியத் தொடங்கும். நகரங்களும் மலைகளும் சிவப்பாகவே வரும். மழையா தரையா என்று பார்க்க, டில்ட்டைக் கொஞ்சம் ஏற்றினால் போதும்: தரை சட்டென்று மறையும், உயர்ந்த மேகம் மறையாது. கடல் மீது இந்தத் தொந்தரவு குறைவு.

[திரையில்: மீண்டும் அட்லாண்டிக் வரைபடம். நான்காவது கோடு மட்டும் ஒளிர்கிறது.]

இனி 459. பிரேசில் கரையில் நட்டால் நகரத்தை ஒட்டிப் போகும்போது, உயர்ந்து வளர்ந்த ஒரு மேகத்தின் தலைக்குள் இந்த விமானம் நுழைந்து குலுங்கியது. ரேடாரில் அந்த மேகம் தெரியவே இல்லை. அதற்குப் பிறகுதான் விமானி கெயினை MAX-க்கு மாற்றினார்.

கெயின் என்பது கருவியின் காது எவ்வளவு கூர்மை என்பது. வெளியே போகும் அலை மாறாது. திரும்பி வருவதை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதுதான் மாறும்.

சிறிது நேரத்தில், சர்வதேச நேரப்படி 2 மணி வாக்கில், ஓர் எதிரொலி தெரிந்தது. CAL-இல் ஒரு மாதிரி, MAX-இல் வேறு மாதிரி, வித்தியாசம் பெரிது. முதலில் 20 கடல் மைல் இடப்பக்கம் விலகினார்கள். விலகும்போதே திரையில் ஒரு நீண்ட சுவர் எழுந்தது: ஏறத்தாழ 150 கடல் மைல் நீளத்துக்கு இடிமேக வரிசை. CAL-இல் அது பச்சையும் மஞ்சளும். MAX-இல் மஞ்சளும் சிவப்பும். மின்னல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இதைப் பார்த்துவிட்டுத்தான் கிழக்கே அந்தப் பெரிய சுற்றை எடுத்தார்கள். 37 நிமிடங்களுக்கு முன் 447 அதே பகுதிக்குள் போயிருந்தது.

முதலில் போன லுஃப்தான்சா விமானிகள் தங்கள் பாதையில் பார்த்ததும் பச்சை எதிரொலிகளைத்தான்.

CAL பொய் சொல்லவில்லை. கடல் மீது எழும் இடிமேகங்களில் மேலெழும் காற்று, நிலத்தில் எழுபவற்றைவிடப் பொதுவாக மெதுவானது. பெரிய துளிகள் கீழேயே மழையாக விழுந்துவிடும், உறைநிலைக்கு மேலே போவது பெரும்பாலும் பொடிப் பனித்துகள். மேகம் 50,000 அடிக்கு வளர்ந்திருக்கும், ஆனால் விமானம் பறக்கும் உயரத்தில் எதிரொலி சன்னமாக இருக்கும். அந்த மேகத்துக்குப் பச்சை என்பதே எச்சரிக்கைதான்.

கெயினை எதிர்ப்பக்கமும் திருப்பலாம். திரை முழுக்க ஒரே சிவப்புக் கம்பளமாக இருந்தால் கெயினைக் குறைப்பார்கள். ஓரங்கள் மஞ்சளாகும், பச்சையாகும். கடைசி வரை சிவப்பாகவே நிற்கும் திட்டுதான் வலுவான மையம். பார்த்து முடித்ததும் குமிழை CAL-க்குத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் அடுத்த மேகத்தை மென்மையானது என்று திரை காட்டும்.

[திரையில்: பிறை வடிவச் சிவப்பு, பின்னால் கறுப்பு.]

டில்ட்டோ கெயினோ தீர்த்து வைக்காத குறை ஒன்று உண்டு. மூன்று சென்டிமீட்டர் அலையைக் கனமழை உறிஞ்சிவிடும். முன்னால் உள்ள மழையே கதிரைத் தின்றுவிட்டால், பின்னால் இருப்பது கறுப்பாக, வழி திறந்திருப்பதுபோலத் தெரியும். 1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சதர்ன் ஏர்வேஸ் 242 கடும் இடிமழைக்குள் போனது. மழையும் ஆலங்கட்டியும் இரண்டு எஞ்சின்களையும் நிறுத்திவிட்டன. விமானம் நெடுஞ்சாலையில் இறங்க முயன்று நொறுங்கியதில் தரையில் இருந்தவர்களோடு சேர்த்து 72 பேர் இறந்தார்கள். இடிமழைப் பகுதியை ஊடுருவ விமானி தன் ரேடாரை நம்பியதும் காரணங்களில் ஒன்று என்று விசாரணை சொன்னது.

இன்றைய ரேடார்கள் டில்ட்டைத் தாமாகவே மாற்றிப் பல கோணங்களில் பார்த்து, தரையைக் கழித்து ஒரே படமாகத் தருகின்றன. கதிர் தேய்ந்துபோன திசையைக் குறித்துக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. அது இல்லாவிட்டால் நிலத்தின் மேலே இப்படிக் கண்டுபிடிக்கலாம்: டில்ட்டை இறக்கி, மேகத்துக்குப் பின்னால் தரை தெரிகிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் தரை தெரிந்து, மேகத்துக்கு நேர் பின்னால் மட்டும் கறுப்பாக இருந்தால், ரேடார் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.