எடை மெஷின் மேல ஏறி நிக்கிற அந்த நிமிஷம்

வணக்கம் நேயர்களே. நான் டாக்டர் இல்ல, டெய்லர். ஆறு வருஷமா வாரத்துக்கு மூணு நாள், செவ்வாய் வியாழன் சனி, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம்னு டயாலிசிஸ்ல இருக்கேன். கிட்னி எப்படி ஃபெயில் ஆச்சு, அந்தக் கதையெல்லாம் வேணாம், சுகர், வேற என்ன. நான் பேச வந்தது டயாலிசிஸ் ரூம் வாசல்ல இருக்கிற எடை மெஷினைப் பத்தி.

எங்களுக்கு டிரை வெயிட்னு ஒண்ணு உண்டு, அதாவது உடம்புல கூடுதல் தண்ணி இல்லாதப்போ நம்ம எடை. எனக்கு 58 கிலோ. சனிக்கிழமை அந்த எடையில வெளிய வந்தா, அடுத்து வர்றப்போ கூடியிருக்கிறது முழுக்க தண்ணிதான், ஒரு கிலோன்னா ஒரு லிட்டர். எனக்கு யூரின் ஒரு நாளைக்கு 200 மில்லிதான் போகுது, அதோட 500 சேர்த்து ஒரு நாளைக்கு 700 மில்லிதான் நான் குடிக்கலாம், காபி மோர் ரசம் மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணி எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். வெயில் காலத்துல இதைக் கேட்டா சிரிப்புதான் வரும்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை தங்கச்சி பொண்ணு கல்யாணம். பந்தியில உக்காந்தா வத்தக்குழம்பு, அப்பளம், ஊறுகாய்னு வருது, தாய்மாமன் நான், இலையை மூடிட்டு எந்திரிக்க முடியுமா? செவ்வாய்க்கிழமை மெஷின்ல ஏறினேன், 61.8. டெக்னீசியன் தம்பி ஒண்ணும் சொல்லல, நோட்டுல எழுதிட்டு என்னைப் பாத்தான், அவ்வளவுதான், ஆனா எனக்கு மார்க் ஷீட்டோட அப்பா முன்னாடி நிக்கிற மாதிரி இருந்துச்சு. "எவ்வளவுண்ணே குடிச்சீங்க?"ன்னான். "ஒண்ணுமே குடிக்கலப்பா"ன்னேன். பொய். வீட்டுல வந்து 60தான்னு சொன்னேன். அதுவும் பொய்.

அந்த 3.8 லிட்டரை ஒரே நாள்ல எடுக்க முடியாது. ஒரு மணி நேரத்துல ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல இழுத்தா இதயம் தாங்காதுங்கிறாங்க, எனக்கு மணிக்கு சுமார் 750 மில்லி, நாலு மணி நேரத்துக்கு 3 லிட்டர். அன்னைக்கு அதையே எடுக்கிறப்போ மூணாவது மணி நேரத்துல கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு, பிபி இறங்கி கண்ணு இருட்டிச்சு. மிச்சத் தண்ணியோட வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தலையணையை உயர்த்தி வச்சுத்தான் படுத்தேன், மல்லாந்து படுத்தா மூச்சு முட்டும்.

வலி போயிடுச்சு, பொய் போகல. அதுக்கப்புறம் யாரும் பாக்காதப்போ ஐஸ் கட்டி வாயில போட்டுக்குவேன், சம்சாரம் வந்தா முழுங்கிடுவேன். அம்பத்தி ரெண்டு வயசுல திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிறவனை என்னன்னு சொல்றது. அவளும் நான் டம்ளரைத் தொட்டாலே பாத்துக்கிட்டே இருப்பா, பயத்துல பாக்குறா, எனக்கு போலீஸ் பாக்குற மாதிரி இருக்கும். கோவத்துல ரெண்டு வாரம் பேசாமகூட இருந்தோம்.

திரும்பினது ஒரு நர்ஸம்மாவாலதான். அவங்க தண்ணியைக் கேக்கவே இல்ல, "ஊறுகாய் தொட்டீங்களா?"ன்னாங்க. டிரிப்ஸ் பாட்டில்ல ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும், ரத்தமும் ஏறக்குறைய அதே கணக்குதான், 9 கிராம் உப்பு கூடுதலா உள்ள போனா உடம்பு ஒரு லிட்டர் தண்ணியைக் கேட்டு வாங்கும், அது மனசோட பலவீனம் இல்லங்கன்னு சொன்னாங்க. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. இத்தனை நாள் என்னை நானே ஒழுக்கமில்லாதவன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப வீட்டுல அப்பளம், ஊறுகாய், கருவாடு கிடையாது, குழம்புல உப்பு பாதி, ரெண்டு மூணு வாரத்துல நாக்கு பழகிடுது, தாகமும் குறைஞ்சுது. சுகர் ஏறினாலும் தாகம் வரும், அதனால அதையும் பாக்கணும்.

இன்னொண்ணு, இது முக்கியமானது. அலுப்பு, பசியின்மை, தூக்கமின்மை, இதெல்லாம் கிட்னி நோயாலயும் வரும் மனச்சோர்வாலயும் வரும், அதனால டயாலிசிஸ் ஆளுக்கு மனசு விழுந்தா யாருக்கும் தெரியாது, "அப்படித்தான்பா இருக்கும்"னு விட்டுடுவாங்க. எனக்கும் விட்டாங்க. டாக்டர் ஒருத்தர்தான், "கடைக்குப் போகத் தெம்பு இல்லையா, இல்ல போகணும்னே தோணலையா?"ன்னு கேட்டார். யோசிச்சேன். டயாலிசிஸ் முடிஞ்ச மறுநாள் தெம்பு இருக்கும், ஆனா புதுத் துணி வந்தாக்கூடக் கத்திரியை எடுக்கத் தோணாது, நான் இருக்கிறதே வீட்டுக்குச் செலவுன்னு ஓடிட்டிருக்கும். அதுக்குத் தனியா கவுன்சிலிங், மாத்திரை கொடுத்தாங்க, மாத்திரை கிட்னிக்குத் தக்க அளவுல. முழுசா சரியாகல. ஆனா கத்திரியை எடுக்கிறேன்.

இப்ப சம்சாரமே காலையில ஒரு பாட்டில்ல 700 அளந்து வச்சிடுவா, அதுலருந்தே காபிக்கும் எடுக்கிறது, எவ்வளவு குடிச்சேன்னு யாரும் கேக்குறதில்ல. போன செவ்வாய் 60.4. வீட்டுக்கு வந்து 60.4ன்னே சொன்னேன். "சரி, ரசம் ஒரு கரண்டி ஊத்தவா?"ன்னா.