பலூன் ஊதிய ஈஸ்ட்

வணக்கம் நேயர்களே. பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்று படிவம் இரண்டு பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கிருமி செத்துடும் டீச்சர்." ஊறுகாயானாலும் கருவாடானாலும் பிரிட்ஜில் வைத்த குழம்பானாலும் அதே பதில். இதைத் திருத்துவதற்கு ரொட்டியைப் பூஞ்சை பிடிக்கவிட்டுக் காட்டும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். என்ன வளர்கிறது என்று நமக்கே தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் மூக்கருகே கொண்டுபோக வேண்டாமே! அதற்குப் பதில் மளிகைக் கடையில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட் போதும், அதுவும் நுண்ணுயிர்தான்.

நான்கு சிறு பிளாஸ்டிக் போத்தல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி சீனி போடுங்கள். முதல் போத்தலில் 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டாவதில் அதே அளவு ஐஸ் தண்ணீர், ஊற்றியதும் பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மூன்றாவதில் வெதுவெதுப்பான தண்ணீரோடு 20 கிராம் உப்பு, நான்காவதில் பாதி தண்ணீர், பாதி வினிகர். வாயில் பலூனை மாட்டிவிட்டுக் காத்திருந்தால், நம் ஊர் வெக்கைக்கு அரை மணி நேரத்தில் முதல் பலூன் நிமிர ஆரம்பித்துவிடும், ஈஸ்ட் சீனியைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. மற்ற மூன்றும் தொங்கிக்கொண்டே இருக்கும்.

முதன்முறை செய்தபோது என் வகுப்பில் நான்குமே தொங்கின! அவசரத்தில் சுடுதண்ணீரை ஆறவிடாமல் ஊற்றிவிட்டேன், முதல் போத்தல் ஈஸ்ட் வெந்தே போயிருந்தது. கையில் ஊற்றிப் பார்த்தால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். புது பலூன் விறைப்பாக இருக்கும், அதையும் முதலில் ஒருமுறை ஊதித் தளர்த்திக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டாவது போத்தலை வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். குளிர் விட்டதும் மெதுவாக அந்தப் பலூனும் எழும். "அப்போ சாகலையா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். சாகவில்லை. உயிரணுவுக்குள் வேலை செய்யும் நொதிகள் குளிரில் மந்தமாகிவிடுகின்றன, அவ்வளவே. வீட்டில் தோசை மாவைப் பாருங்கள்: பிரிட்ஜில் வைத்தாலும் நான்கைந்து நாளில் புளிப்பு ஏறியிருக்கும், வெளியே வைத்திருந்தால் ஒரே ராத்திரியில் பொங்கி வழிந்திருக்கும். 4 டிகிரியில் கூட மெதுவாக வளரும் பாக்டீரியாக்கள் உண்டு, அதனால் பிரிட்ஜை நேரம் வாங்கித் தரும் பெட்டி என்று சொல்லிக்கொடுங்கள்.

உப்பு செய்வது வேறு. அது தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துக்கொள்கிறது, போதாதென்று ஈஸ்டுக்குள் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துவிடுகிறது. போத்தல் நிறைய தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாத நிலை, கடலில் மாட்டிக்கொண்டவன் மாதிரி. வினிகரோ உள்ளேயே போய்விடுகிறது: அசெட்டிக் அமிலம் சவ்வைக் கடந்து உள்ளே நுழைந்தபின் பிரிந்து புளிப்பைக் கூட்ட, அதை வெளியேற்றியே உயிரணு தன் சக்தியைத் தீர்த்துவிடும்.

சரி, உலர்த்துவதற்குப் போத்தல் எங்கே என்று கேட்பீர்கள். அந்த ஈஸ்ட் பொட்டலம்தான்! மாதக்கணக்கில் கடை அலமாரியில், பிரிட்ஜ்கூட இல்லாமல், உயிரோடு கிடந்தது. தண்ணீர் இல்லாததால் எதுவும் செய்யவில்லை, நாம் ஊற்றியதும் எழுந்துகொண்டது. பொட்டலத்தைக் கையில் கொடுத்து இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பினாங்கு குறுக்கே வருகிறது. நம் காற்றில் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. காய்ந்த மோர்மிளகாயைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அந்த ஈரமே தாராளம். தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலில் காய்ந்த வற்றல் இங்கே ஏன் பூத்துப்போகிறது என்று என் மாமியார் பல வருடம் புலம்பியதற்குக் காரணம் இதுதான். காயவைத்ததைக் கண்ணாடிச் சாடியில் போட்டு இறுக்கமாக மூடி ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்சுவரில் துளி வேர்த்தால் நடுப்பகுதி இன்னும் காயவில்லை, எடுத்து மறுபடி வெயிலில் போடுங்கள். பூஞ்சை தெரிந்தால் முழுதும் குப்பைக்கு.

அப்புறம், "எல்லாக் கிருமியும் தூங்கத்தான் செய்யும்" என்று அடுத்த பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். மறுநாள் உப்பு, வினிகர் போத்தல்களின் அடியில் தங்கியதில் ஒரு கரண்டி எடுத்துப் புதுச் சீனித்தண்ணீரில் போட்டோம். வினிகர் ஈஸ்ட் கடைசிவரை எழவில்லை. உப்பு ஈஸ்ட் ஏதோ கொஞ்சம் முனகியது, பலூனைப் பாதிகூடத் தூக்கவில்லை. இரண்டு போத்தலையும் பார்த்துவிட்டு அந்தப் பையன் கேட்டான்: "அப்போ ஊறுகாயில இருக்கிறது எது டீச்சர், தூங்குறதா, செத்ததா?" இரண்டுமே இருக்கும் என்றேன். அதனால்தான் ஈரக் கரண்டியை ஊறுகாய்ச் சாடிக்குள் விடாதே என்று பாட்டி திட்டுவார் என்றதும், "எங்க பாட்டியும்தான்" என்று வகுப்பே சிரித்தது.