போசியில் பொறித்த பேர்

வணக்கம். நான் நீலகிரியில் எமரால்டு பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மழை வெள்ளத்தில் எங்கள் வீடு போனபோது கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வது பற்றிப் பேசுங்கள் என்று இந்த வானொலி நிலையத்தில் கேட்டார்கள். பத்து நிமிஷம் தந்திருக்கிறார்கள், எனக்குப் பத்து நிமிஷம் பற்றாது, பார்ப்போம்.

2019 ஆகஸ்ட். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷம் பூராவும் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அது. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட்டுப் பாலத்துக் குழாயில் ஒரு சில்வர் ஓக் கிளை வந்து அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான், ஓடை ரோட்டில் ஏறி எங்கள் கொல்லை வழியாக உள்ளே வந்துவிட்டது. நாங்கள் முந்தின சாயந்திரமே மேலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து பார்த்தால் முழங்கால் வரை சேறு. பீரோ குப்புறக் கிடக்கிறது.

முதலில் வந்தது கேரட் கழுவுகிற இடத்துப் பையன்கள், நாலு பேர். நான் விளக்கமாற்றை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனேன். அதில் ஒரு பையன், "அம்மா, தண்ணி இப்ப வேண்டாம், தண்ணி ஊத்துனா சேறு மறுபடியும் கரைஞ்சு எல்லா மூலைக்கும் போயிரும், முதல்ல அள்ளணும்" என்றான். சரிதான். ஈரமாக இருக்கிறபோதே மண்வெட்டியால் அள்ளி வெளியே போட்டுவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் இறுகிப்போகும், அப்புறம் கடப்பாரைதான். அள்ளி முடித்த பிறகுதான் கேரட் கழுவுகிற பம்பைக் கொண்டுவந்தார்கள், அதையும் தரையில் மட்டும்தான் காட்டினார்கள். எங்களுடையது மண் வைத்துக் கட்டிய பழைய சுவர், ஓஸைக் காட்டினால் சுவரே கூட வந்துவிடும். சுவரைத் துணியால்தான் துடைத்தோம்.

இப்போது காகிதம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வெள்ளம் வந்த வீட்டுக்கு நான் போனால் முதலில் கேட்பதே பத்திரம் எங்கே, அதை யாராவது தொட்டீர்களா என்றுதான். என் மருமகள் கிண்டல் பண்ணுவாள், அத்தைக்கு ஆள் நலம் அப்புறம்தான் என்று.

பீரோவில் பட்டா, வீட்டுப் பத்திரம், பையனின் மார்க் ஷீட், என் கல்யாண ஆல்பம், எல்லாம் ஒரே கட்டாக ஊறிக் கிடந்தது. நான் ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தேன். அரிசி மூட்டையோடு கீழ்நாட்டிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. அதில் வந்த பெரியவர் ஒருவர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். முன்பின் தெரியாத ஆள். பைண்டிங் வேலை பார்த்தவராம். "பிரிக்காதீங்கம்மா, கிழிஞ்சிரும். வெயில்லயும் போடாதீங்க, இஸ்திரிப் பெட்டியும் வைக்காதீங்க" என்றார். வெயில் எங்கே இருந்தது, அது வேறு விஷயம்.

அவர் சொன்னது இதுதான். பத்திரத் தாள் மாதிரி சாதாரணக் காகிதம் நன்றாக ஊறியிருக்கும்போது பிரித்தால் கிழியும், முழுக்கக் காய்ந்த பிறகு பிரித்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது, பாதி காய்ந்த பதம், அப்போது ஓரத்தில் மெல்லத் தூக்கினால் தானே விடும். போட்டோ அப்படி இல்லை, அதற்கு நேர் எதிர். பளபளப்பான படம் ஒட்டியபடியே காய்ந்தால் போச்சு. அதைச் சுத்தமான பச்சைத் தண்ணீரில் போட்டு, தண்ணீருக்குள்ளேயே தானாகப் பிரிய விட்டு, படத்தை விரலால் தேய்க்காமல், முகம் மேலே பார்க்கிற மாதிரி துணியில் காய வைக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், பத்திரம் பாதி காய்ந்த பிறகு, போட்டோ ஈரத்திலேயே. மாற்றிச் செய்தால் இரண்டும் போகும்.

எங்கே காய வைப்பது என்பதுதான் பிரச்சினை. ஆகஸ்டில் இங்கே கட்டிய துணியே காயாது. காகிதம் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். நம் ஊர்க் குளிர் அதற்குக் கொஞ்சம் தவணை கொடுக்கும், அவ்வளவுதான். அப்போதுதான் எதிர் வீட்டு அக்கா சொன்னார், தேயிலை ஃபேக்டரி டிரஃப்பில் போட்டால் என்ன?

தேயிலை ஃபேக்டரிக்குள் போனவர்களுக்கு டிரஃப் தெரியும். பறித்து வந்த கொழுந்தை வாட வைக்கிற நீளமான கம்பி வலைப் படுக்கை. ஒரு முனையில் பெரிய ஃபேன், அது வலைக்குக் கீழே காற்றைத் தள்ளும், காற்று கொழுந்துக்கு ஊடாக மேலே வரும். காகிதத்துக்கும் வேண்டியது அதேதான், சூடு இல்லாத காற்று. மழையில் கொழுந்து பறிக்கவே இல்லை, டிரஃப் எல்லாம் சும்மா கிடந்தது. கரண்டும் இல்லை. சூப்பர்வைசர் ஜெனரேட்டரைப் போட்டு காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம் ஃபேனை ஓட விட்டார். டீசல் யார் கணக்கு என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

முதல் தடவை ஃபேன் போட்டதும் என் பட்டா எழுந்து பறந்தது! அப்புறம் கொசுவலையை மேலே விரித்து நாலு பக்கமும் கல் வைத்தோம். ஃபேன் ஓடாத நேரத்தில் தாள்களுக்கு நடுவே பழைய செய்தித்தாள் வைத்து, ஈரம் ஏற ஏற மாற்றினோம். அதை மாற்றியதெல்லாம் கொழுந்து பறிக்கிற பெண்கள்தான். அவர்கள் விரலுக்குச் சொல்லித் தர வேண்டுமா, அந்தப் பதம் என் கைக்குத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் பத்திரம் அலை அலையாக, ஆனால் முழுசாக வந்தது. டைப் அடித்த எழுத்து நின்றது, பால்பாயின்ட் பேனாவில் எழுதியது நின்றது, மைப்பேனாவில் போட்ட கையெழுத்து நீலமாகக் கரைந்துவிட்டது, சீல் பரவிவிட்டது. அதனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எழுதிப் போட்டு வாங்கிக்கொண்டோம். மார்க் ஷீட்டைத்தான் காப்பாற்ற முடியவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் பண்ணி வைத்திருந்தேன். ஓரம் பிரிந்து தண்ணீர் உள்ளே போனது, வெளியே வர வழி இல்லை.

அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நான் ஃபேக்டரிக்குப் போனேன். சும்மா நன்றி என்று சொல்லிவிட்டு வருவதற்கு மனசு வரவில்லை. விரித்துக் காட்டினேன். பறிக்கிற பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள், இது நான் எடுத்த தாள், இது நீ கிழித்த தாள் என்று அவர்களுக்குள் ஒரே சண்டை. பழமும் மிக்சரும் வாங்கிப் போயிருந்தேன், அதை யாரும் பிரிக்கக்கூட இல்லை.

சரி, போசிக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் போனால் எங்கள் ஊரில் விடமாட்டார்கள்.

சத்துணவில் இருந்தவளுக்கு எல்லாவற்றையும் ரெஜிஸ்டரில் எழுதுகிற பழக்கம் போகாது. யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று ஒரு நோட்டுப் போட்டேன். மொய் நோட்டு மாதிரிதான், தொகைக்குப் பதில் கம்பளி இரண்டு, சேறு அள்ளியது இரண்டு நாள், இப்படி. ஆனால் முதல் மூன்று நாள் எங்கே எழுதுவது, நான் சாப்பிட்டேனா இல்லையா என்றே தெரியாது. அந்த மூன்று நாளில் வந்த பாத்திரங்கள் பதினொன்று. நம் வீடுகளில் எந்தப் பாத்திரத்திலும் பேர் பொறித்திருக்குமே, அதைப் பார்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று அடுக்கி வைத்தேன்.

அதில் ஒரு பெரிய போசி. அதில்தான் அவரைக் கொட்டைக் குழம்பு வந்தது, அந்தக் குளிரில் அது எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேர் தெளிவாக இருந்தது, மேல் தெரு வீடு. வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று சர்க்கரை போட்டு எடுத்துப் போய், "உங்க குழம்பை மறக்கவே முடியாதுங்க" என்றேன். அந்த அம்மா போசியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "நான் குழம்பே அனுப்பலையேம்மா. இந்தப் போசி காணாமப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு!" என்கிறார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நன்றி சொல்லப் போய்த் திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா யோசித்து, அவர்கள் நாத்தனார் பெண்ணின் சீருக்குக் கொடுத்துவிட்டது என்றார். நாத்தனாரிடம் போனால், விசேஷம் முடிந்து சமையல்காரர் எடுத்துப் போனார் என்றார். சமையல்காரர் கோயில் அன்னதானத்தில் விட்டுவிட்டேன் என்றார். கோயிலில் கேட்டால், அங்கே பாத்திரம் துலக்குகிற ஒரு பாட்டி. அவர் வீட்டுக்கும் மழையில் ஓடு போயிருந்தது, தார்ப்பாய்க்குக் கீழேதான் இருந்தார். குழம்பு வைத்தது அவர். சொந்தமாக அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லாததால் கோயிலில் கேட்டு இந்தப் போசியை எடுத்திருக்கிறார். இரண்டு வாரம் அலைந்தேன், நடுவில் மேல் தெருவுக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்று மறுபடி வந்தது, அது தனிக் கதை. பாட்டியிடம் போய்ச் சொன்னதற்கு, "உப்பு கம்மியா இருந்துச்சே, தெரிஞ்சுதா?" என்றுதான் கேட்டார்.

அதிலிருந்து பாத்திரத்துப் பேரை நான் நம்புவதில்லை. பாத்திரம் ஒருவருடையது, சமைத்தவர் ஒருவர், தூக்கி வந்தவர் இன்னொருவர். நோட்டில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம். மின்வாரியத்து லைன்மேன் தம்பிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன். சேறு வந்த வீட்டில் ஸ்விட்ச் போர்டு வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், மெயினைப் போடாதீர்கள் என்று மூன்று தடவை நடந்து வந்து சொன்னார்கள். ரோடு இல்லாதபோது தலையில் கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவரும் நோட்டில் இருக்கிறார். பைண்டிங் பெரியவர் பேர் எனக்குத் தெரியாது, வேனில் எழுதியிருந்ததையும் நான் பார்க்கவில்லை. ஐயா, பத்திரம் வந்துவிட்டது, ஆல்பத்தில் எட்டுப் படம் தவிர மீதி எல்லாம் வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று, முடித்துவிடுகிறேன். பதினொன்றில் பத்துப் பாத்திரம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு மூன்று அடுக்கு எவர்சில்வர் கேரியர் மட்டும் என்னிடம் இருக்கிறது, பிடிக்குப் பச்சை ஒயர் சுற்றியிருக்கும், அடியில் ஆ.சு. என்று புள்ளி குத்தியிருக்கிறது. அதில் எலுமிச்சம் சாதம் வந்தது. எங்கள் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன், அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மேல் மூடி கொஞ்சம் இறுக்கம், வெள்ளத்தில் நசுங்கியதல்ல, வரும்போதே அப்படித்தான் இருந்தது.